கமெண்ட் மூடாத புடவை

எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது. வீட்டு முன்னறைதான் கடை. வாசற்கதவைச் சாத்தினால் கடையோடு சேர்ந்து குடும்பமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆனாலும் தினமும் திறப்பதும் மூடுவதும் நடக்கிறது. அது என் மனைவி லீலாவின் கட்டைவிரலில் இருக்கிறது.

'லீலா சில்க்ஸ், ஆரணி' என்று இன்ஸ்டாவில் ஒரு பக்கம். கொரோனா வந்து தறி நின்று, பஸ் நின்று, நானும் செய்வதறியாமல் வாசலில் நின்றபோது, எங்கள் மகள் காவ்யா அம்மாவின் போனில் தொடங்கிக் கொடுத்தது. தொடங்கி ஒரு வருஷத்துக்குள் லீலா முதலாளி ஆகிவிட்டாள். நான் புடவை மடிப்பவன், பொட்டலம் கட்டுபவன், படம் எடுக்கும்போது மூச்சு விடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். என் பெயர் தனகோடி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆரணியில் தலை நிமிர்ந்து நடக்க ஒரு தைரியம் வேண்டும்.

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு படத்துக்கு ஒரே புடவை. விலையைக் கூடவே எழுதிவிடுவோம். கீழே கமெண்டில் யார் முதலில் 'புக்' என்று எழுதுகிறாரோ அவருக்குப் புடவை. ஆரம்பத்தில் விற்ற பிறகும் ஆட்கள் வந்து 'புக்', 'புக்' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். சேத்துப்பட்டு அம்மா ஒருவரும் சென்னை அம்மா ஒருவரும் ஒரு மாம்பழக் கலர் புடவைக்காக ஒருவரையொருவர் திட்டி எழுதிய வார்த்தைகளை என்னால் இங்கே எழுத முடியாது. இரண்டு பேரையும் சமாதானப்படுத்த நான் 'அம்மா, இரண்டு பேரும் அழகு' என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு லீலா என் கையில் போனைக் கொடுப்பதில்லை.

காவ்யாதான் வழி சொன்னாள்.

"ம்மா, வித்த வொடனே அந்தப் படத்துக்கு மட்டும் கமெண்ட்டை மூடிடு. இதோ, மூணு புள்ளி இருக்குது பாரு, அத்த அமுக்கு. அவ்ளோதான். யாராலயும் எழுத முடியாது."

"எழுதனதெல்லாம் இன்னா ஆவும்? அழிஞ்சிடுமா?"

"மறைஞ்சிடும். அழியாது. திரும்பத் தொறந்தா அப்படியே வரும். அடுப்ப மூடி வெச்ச மாதிரி."

அன்றிலிருந்து கமெண்ட் மூடினால் புடவை போச்சு என்று அர்த்தம். வாடிக்கைக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. "மூடிட்டீங்களாண்ணா? அய்யோ, குக்கர் எறக்கப் போனேன், அதுக்குள்ள!" என்று எனக்குப் போன் வரும். ஒரு புடவைக்கு அழுகிறவர்களைத் தேற்றும் வேலையும் என்னுடையதுதான்.

அப்புறம் லைக். எதிர் வரிசை மணவாளனும் ஜவுளிக்காரர்தான். எங்கள் படங்களில் எதற்கு லைக் அதிகமோ அந்த டிசைனுக்கு அந்த வாரமே அவர் பவர்லூமில் அட்டை ஏறிவிடும். லீலா பல்லைக் கடித்தாள். அதற்கும் காவ்யாவிடம் மருந்து இருந்தது. அதே மூன்று புள்ளி. லைக் எண்ணிக்கையை மற்றவர்களுக்கு மறைத்துவிடலாம். நமக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. "எண் மட்டும்தாம்மா மறையும். யாரெல்லாம் லைக் போட்டாங்கன்னு பேரைத் தொறந்து பாக்கலாம்" என்று அவள் எச்சரிக்கவும் செய்தாள். மணவாளன் அதையும் கண்டுபிடித்தார். ஒருநாள் டீக்கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எங்கள் படத்துக்கு லைக் போட்டவர்களின் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் நான் போய் "இன்னா மாமா, மும்முரமா இருக்கீங்க" என்றதும் எண்ணிக்கை தவறிப்போய் என்னை முறைத்தார். தொழில் போட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

வளையல் வியாபாரி ஒருத்தன் எங்கள் ஒவ்வொரு புடவைக்குக் கீழேயும் தன் சரக்கை விளம்பரம் செய்துகொண்டிருந்தான். அழித்தால் மறுபடி போடுவான். பிளாக் செய்தால் வேறு பெயரில் வருவான். காவ்யா அவனை 'ரிஸ்ட்ரிக்ட்'டில் போட்டாள்.

"இனிமே அவன் எழுதறது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஊரே பாக்குதுன்னு நெனச்சிகினு எழுதிகினே இருப்பான். ஒனக்கு மெசேஜும் வராது. வேணும்னா நீ மட்டும் தொறந்து பாக்கலாம். புடிச்சிருந்தா 'அப்ரூவ்' குடு, எல்லாருக்கும் தெரியும்."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. அதான் விஷயமே."

பாவம், நல்ல வளையல்தான். நான்தான் சிரித்துச் சிரித்து இருமினேன்.

இவ்வளவும் கற்றுக்கொடுத்த காவ்யா, அதற்கடுத்த தை மாதம் ஜீவானந்தத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் போளூர்ப் பக்கம். வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவன் அப்பா எல்லப்பன் கூலிக்கு நடவு வேலை பார்த்துப் பையனைப் படிக்கவைத்தவர். பையன் குணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாதியைத்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் எங்கள் வீட்டுக்காரர்களும் உண்டு. நான் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாததில் எனக்கு முப்பது வருஷ அனுபவம்.

லீலா பேச்சை நிறுத்தினாள். காவ்யா போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்கு வந்தால் நான் எடுப்பேன். "சாப்ட்டியாம்மா", "சாப்ட்டேம்பா" என்பதோடு வைத்துவிடுவோம். போகப் போக அதுவும் நின்றது. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அவள் வந்துகொண்டிருந்தாள். படம் போட்டதும் கீழே அவள் கமெண்ட் இருக்கும். 'இந்த நீலம் சூப்பர்மா.' 'முந்தியை இன்னும் கொஞ்சம் விரிச்சுக் காட்டும்மா.'

ஒருநாள் லீலாவின் அக்கா அபிதகுசாம்பாள், காவ்யாவின் சாம்பா பெரியம்மா, அவளும் போனும் கையுமாக இருப்பவள், அந்தக் கமெண்டுக்குக் கீழே எழுதினாள். 'அம்மா மேல இவ்ளோ பாசம் இருந்தா அன்னிக்கே யோசிச்சிருக்கணும்.' அதற்குக் கீழே இன்னொரு சொந்தம். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். புடவை பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லீலா அதையெல்லாம் அழித்தாள். பிறகு போனில் எதையோ அமுக்கினாள். அதற்குப் பிறகு காவ்யாவின் கமெண்ட் எதுவும் வரவில்லை.

பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது, எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் லைக் வந்தது. படம் போட்ட பிறகு நானும் மணவாளனைப் போலவே என் போனில் பெயர்களைத் திறந்து, விரல் வைத்து இறங்குவேன். அவர் எண்ணிக்கைக்காக. நான் ஒரு பெயருக்காக. காவ்யா ஜீவானந்தம். இருந்தால் அன்றைக்கு டீ இனிக்கும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் டீயில் சர்க்கரை கிடையாது, இருந்தாலும் இனிக்கும். லீலாவிடம் இதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் புடவைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று. மகளுக்கு முகூர்த்தப் புடவையைத் தகப்பனே தறியில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். நான் தறியை விட்டு வியாபாரத்துக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. காவ்யா காலேஜ் முடித்ததும் வீம்பாகத் தறிக்குழியில் இறங்கினேன். அரக்குச் சிவப்பு உடம்பு, பச்சைக் கரை, கரை முழுக்க ஜரிகை மயில். பாதி நெய்யும்போது ஜக்கார்டில் டிசைன் அட்டை இரண்டு தாண்டிவிட்டது. நான் பழைய பாட்டு ஒன்றைத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. ஒரு மயிலுக்கு மட்டும் கொண்டை இல்லாமல் போயிற்று. காவ்யா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நீதாம்பா" என்றாள். என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிரித்து நெய்கிறேன் என்றேன். "தொட்டீனா கட்டிக்க மாட்டேன்" என்றாள்.

பதிவு ஆபீசுக்கு அவள் சுடிதாரில் போனாள். புடவை எங்கள் பீரோவிலேயே இருந்தது.

போன ஆவணியில் ஒரு காலை லீலா அதை வெளியே எடுத்தாள்.

"மடிப்புலயே இழை வுட்டுப் போயிடும். ஜரிகை கறுக்குது. போட்டுடலாங்க."

"எங்க போடறது?"

"நம்ம இன்ஸ்டா பக்கத்துலதான். வேற எங்க?"

'வேண்டாம்' என்பது மூன்றெழுத்து, நான்கெழுத்து, எத்தனை எழுத்தோ. அது என் வாயில் வரவில்லை. புடவை முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். லீலா படம் எடுத்தாள். விலை எழுதும் இடத்தில் அவள் விரல் ரொம்ப நேரம் நின்றது. பிறகு சாதாரண விலையைப் போட்டாள். லைக் எண்ணிக்கையை மறைத்தாள். மணவாளனுக்கு இந்த மயில் கிடைக்கக்கூடாது. போட்டுவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள்.

அது மணியடிப்பது போல ஒருதரம் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள். வந்தவாசி மதிவதனி, பழைய வாடிக்கை. 'புக்.'

லீலா கமெண்ட்டை மூடினாள். மறுநாளே மதிவதனி பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பொட்டலம் கட்டும்போது அந்த மயில் மேலே வந்தது. உள்ளே தள்ளி மடித்தேன்.

திங்கட்கிழமை என் போன் அடித்தது.

"ஆரணி லீலா சில்க்ஸா?"

குரல் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். "காவ்யா!"

"நான் கஸ்டமர் பேசறேன். ஒங்க கடையில ஒரு புகார்."

"சாப்ட்டியாம்மா?"

"ப்பா! புகார்ன்றேன். ஒங்க கடைக்கு ஒரு சட்டம் இருக்குதுன்னு சொல்வீங்களே. மொதல்ல யாரு புக்குனு போடறாங்களோ அவங்களுக்குத்தான்னு. நான்தான் மொதல்ல போட்டேன். எனக்கு அப்புறம்தான் அந்த வந்தவாசிக்காரங்க. ஆனா கமெண்ட்டை மூடிட்டு அவங்களுக்குக் குடுத்துட்டீங்க." அதுவரை விளையாட்டாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "அம்மா எங்கிட்ட பேசாட்டி போவட்டும். துட்டு குடுத்து வாங்கிக்கினு போறேன்னு கேட்டாகூட தர மாட்டாளா?"

"இல்லம்மா. நானும் பாத்தேன். மதிவதனி கமெண்ட் மட்டும்தான் இருந்துச்சு. ஒன்னுது இல்லவே இல்ல."

"என் போன்ல இருந்துச்சுப்பா. மொதல்ல வந்துட்டேன்ற சந்தோஷத்துல போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன், அவருக்குக் காட்டறதுக்கு. அனுப்பறேன், பாரு."

வந்தது. அவளுடைய போன் திரை. எங்கள் அரக்குச் சிவப்பு. கீழே முதல் வரி காவ்யாவுடையது. 'புக். கொண்டை இல்லாத மயிலோட சேர்த்து.' அதற்குப் பிறகுதான் மதிவதனி.

"போன்ல எதுனா கோளாறா இருக்கும்மா" என்றேன். எனக்குப் புரியாத எல்லாவற்றுக்கும் நான் போனைத்தான் குற்றம் சொல்வேன்.

அவள் மெதுவாக, "ப்பா" என்றாள். "அந்த வளையல்காரன் ஞாபகம் இருக்குதா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"அவனுக்குப் போட்ட மாதிரி எனக்கும் போட்டிருக்கா. ரெண்டு வருஷமா ஒவ்வொரு புடவைக்கும் எழுதினேம்பா. ஒரு பதில்கூட வராது. படிக்கிறா, பதில் போட மாட்டேன்றா, போவட்டும், படிக்கிறாளேன்னு நெனச்சிகினு இருந்தேன்." சிரிக்க முயன்றாள். "நாந்தான் கத்துக் குடுத்தேன். வாத்தியாருக்கே பரீட்சை வெச்சிட்டா."

வைத்துவிட்டாள். கஸ்டமர் புகாருக்கு நான் பதில் சொல்லாமலேயே.

லீலா அடுக்களையில் இருந்தாள். என் போனை அவள் முன்னால் நீட்டினேன். படத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்காவும் மத்தவங்களும் அவள அசிங்கமா எழுதனாங்க" என்றாள். "எவ்ளோதான் அழிச்சிகினு இருக்கறது? பிளாக் பண்ணா அவளுக்குத் தெரிஞ்சிடும், மனசு ஒடைஞ்சிடும். இது அவளுக்குத் தெரியாது. யாரும் பாக்காட்டி யாரும் பேச மாட்டாங்க. அதுக்குத்தான் போட்டேன்."

"நீகூடப் பாக்கலியா?"

"கமெண்ட்டுல சாம்பலாட்டம் ஒரு வரி இருக்கும். தொட்டாத்தான் தெறக்கும். எல்லாப் படத்துலயும் இருக்கும்ங்க. நான் தாண்டிப் போயிடுவேன்." முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள். "இந்தப் புடவைக்கும் இருந்துச்சு. பாத்தேன். தாண்டிட்டேன்."

 

அந்தப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள். கமெண்ட் மூடியிருக்கிறது, மூன்று புள்ளியை அமுக்கித் திறந்தாள். மறைந்திருந்ததெல்லாம் அப்படியே வந்தது. சாம்பல் வரி. தொட்டாள். 'புக். கொண்டை இல்லாத மயிலோட சேர்த்து.' கீழே 'அப்ரூவ்' என்று கேட்டது. அவள் விரல் விலை எழுதும்போது நின்றதுபோலவே நின்றது. பிறகு அமுக்கினாள்.

அதற்குள் போன் அலறத் தொடங்கிவிட்டது. எங்கள் சட்டப்படி கமெண்ட் திறந்தால் புடவை இருக்கிறது என்றல்லவா அர்த்தம்! 'புக்.' 'புக் அக்கா.' 'எனக்கு எனக்கு!' 'மேடம் நான் நாலு நாளா கேக்கறேன்.' போரூரிலிருந்து ஒருவர் மயில் பொம்மையாகவே ஒன்பதோ பத்தோ வரிசையாகப் போட்டார். மணவாளன் தன் சொந்தப் பெயரிலேயே 'ரேட்?' என்று கேட்டார்.

"பேஜாருங்க இது!" என்று லீலா பதறி மறுபடி மூடினாள். எல்லாம் மறைந்தது. இப்போதுதான் உலகத்துக்குத் தெரியட்டும் என்று அனுமதித்த மகளின் வரியும் சேர்ந்து மறைந்தது.

"அந்தம்மாவுக்குப் போன் போடுங்க" என்றாள். "விஷயத்தைச் சொல்லிக் கேப்போம். வேற புடவை தருவோம், ரெண்டா வேணும்னாலும் தருவோம்."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மதிவதனி நான் பேசுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா! நானே போடணும்னு இருந்தேன். பொண்ணு நேத்து கட்டிகினா. அத்தினி பேரும் புடவையத்தான் கேட்டாங்க. ஒரு மயிலுக்குக் கொண்டை இல்லைன்னு சம்பந்தி வீட்ல ஒரு அம்மா கண்டுபுடிச்சு, குறை சரக்குன்னு சொல்லிட்டாங்கண்ணா. எம் பொண்ணு இன்னா சொன்னா தெரியுமா? 'மெஷின் நெய்ஞ்சா தப்பு வராது, இத்த யாரோ மனசு வெச்சு நெய்ஞ்சிருக்காங்க'ன்னா. கட்டின புடவைய அவுக்கவே மாட்டேன்றா. கல்யாணத்துக்கும் இதுதானாம். சொல்லுங்கண்ணா, எதுக்குப் போட்டீங்க?"

நான் லீலாவைப் பார்த்தேன். லீலா என்னைப் பார்த்தாள். கேட்கச் சொன்னவள் அவள். கேட்க வேண்டியவன் நான்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "புடவை பொருந்திச்சான்னு கேக்கத்தான்."

லீலா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று பகல் முழுக்க அவள் போனோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் காவ்யாவை ரிஸ்ட்ரிக்ட்டிலிருந்து எடுத்தாள். அடுத்து அவள் எழுதிய மற்றதையெல்லாம் படிக்க வேண்டும். ஆனால் விற்ற படங்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. திறந்தால் ஊர் 'புக்' போட வந்துவிடும். யோசித்தாள். செட்டிங்கில் யாரெல்லாம் கமெண்ட் எழுதலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லாரும், நம்மைத் தொடர்கிறவர்கள், நாம் தொடர்கிறவர்கள் என்று அதில் பிரித்திருக்கும். எங்கள் பக்கம் யாரையும் தொடர்வதில்லை. 'நாம யாரு பின்னாடியும் போறதில்ல' என்பது முதலாளியம்மாவின் கொள்கை. ஃபாலோயிங் என்ற இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் இருக்கும், அதில் அவளுக்கு ஒரு பெருமை.

லீலா காவ்யாவின் பெயரைத் தேடி ஃபாலோ கொடுத்தாள். பூஜ்யம் ஒன்று ஆயிற்று. பிறகு 'நாம் தொடர்கிறவர்கள் மட்டும்' என்று மாற்றினாள். இப்போது உலகத்திலேயே எங்கள் கடையில் வாய் திறக்க ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி.

அதற்குப் பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். யாரும் எழுதமுடியாது என்பதால் ஓசையில்லை. சாம்பல் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நான் பக்கத்தில் பொட்டலம் கட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். வெறும் அட்டைப்பெட்டி. 'ம்மா, இந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்கும், நீயே கட்டிக்கோ.' 'அப்பா கை தெரியுது முனையில. நகம் வெட்டச் சொல்லு.' 'எனக்கு ஜுரம்மா, ரசம் ஞாபகமா இருக்கு.' அந்தப் படம் போட்டது அதற்கு முந்தின மழைக்காலத்தில். லீலா அதற்கு 'அப்ரூவ்' கொடுத்தாள். மழைக்காலத்து ஜுரத்துக்கு.

அவள் போனைத் தூக்கி மகளைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. "இன்னான்னு பேசறதுங்க?" என்றாள். "கூப்ட்டு வெச்சு 'சாப்ட்டியா'ன்னு கேக்கவா?" அது என் கேள்வி.

மறுநாள் தறிக்குழியில் இறங்கினேன். முழங்கால் இரண்டும் ஆட்சேபித்தன. அரக்குச் சிவப்புப் பாவு நூல் ஏற்றினேன். நெய்யத் தொடங்கி நாலு விரற்கடை வந்ததும் லீலா வந்து படம் எடுத்தாள். பக்கத்தில் போட்டாள். விலை எழுதவில்லை. எதுவுமே எழுதவில்லை. லைக் எண்ணிக்கையை மறைக்கவும் இல்லை. மணவாளன் பார்த்துக்கொள்ளட்டும்.

வாடிக்கைக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாண்ணா, கமெண்ட் கட்டுப்படுத்தியிருக்குன்னு வருது? நாங்க இன்னா தப்புப் பண்ணோம்?" ரிப்பேர் நடக்குதும்மா என்றேன். பொய்யும் இல்லை.

அடுத்தடுத்த நாள்களில் புது வரவு இரண்டு மூன்று புடவை போட்டோம். யாராலும் புக் செய்ய முடியாததால் ஒன்றும் போகவில்லை. லீலா அசையவில்லை. நான் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். லைக் இருந்தது. கமெண்ட் இல்லை. அவளுக்காகவே திறந்துவைத்த கதவு என்று அவளுக்கு யார் சொல்வது? எல்லாருக்கும் திறந்திருப்பதாகவே அவளுக்குத் தெரியும்.

கடைசியில் வந்தது. தறிப் படத்துக்குக் கீழே.

'ம்மா, யாராலயும் கமெண்ட் போட முடியலையாம். சாம்பா பெரியம்மா எனக்கே போன் பண்ணி, நீ மட்டும் போட்டுப் பாருன்னாங்க. போடுது. எனக்கு மட்டும் தொறந்து வெச்சிருக்க போல. வேணாம். எல்லாருக்கும் தொறந்து வுடு. பெரியம்மா பேசினா பேசட்டும். நான் ஒண்ணும் வளையல்காரன் இல்ல, மறைச்சு வைக்க.'

லீலா அதை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு மகள் சொன்னபடியே செய்தாள். அதற்கு முன் விற்ற புடவைகளின் கமெண்ட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப மூட வேண்டியிருந்தது. நீலம், பச்சை, என் நகம், ஜுரம் எல்லாம் மறுபடி உள்ளே போயின. அழியாது, மறையும். காவ்யாவே சொன்னதுதான்.

பக்கத்தை எல்லாருக்கும் திறந்த அன்றே அபிதகுசாம்பாள் தறிப் படத்துக்குக் கீழே வந்துவிட்டாள். 'யாருக்கு நெய்யறீங்க, ஓடிப் போனவளுக்கா?'

லீலா அழிக்கவில்லை, மறைக்கவில்லை. பதில் எழுதினாள். 'என் பொண்ணுக்குக்கா.' எழுதிவிட்டு என்னிடம் காட்டி, "எழுத்து சரியா இருக்குதா?" என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

காவ்யா அதற்கு ஒரு லைக் போட்டாள். 'புக்' போடவில்லை.

புடவை நெய்து முடித்தாயிற்று. இந்த முறை பாட்டுப் பாடவில்லை, அட்டை தாண்டவில்லை. எல்லா மயிலுக்கும் கொண்டை சரியாக வந்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. எவனோ கெட்டிக்காரன் நெய்ததுபோல் இருக்கிறது. முதல் புடவை வந்தவாசியில் வேறொரு பெண்ணின் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறது. பத்திரிகை வந்துவிட்டது, நாங்கள் போக வேண்டும். போவோம். அந்த மயிலைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வர எனக்குத் தெரியும்.

காவ்யாவும் லீலாவும் இப்போது கமெண்டில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்கப் படிக்க, நிறத்தைப் பற்றியும் முந்தியைப் பற்றியும் மட்டும். அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. வா என்று லீலா இன்னும் எழுதவில்லை. எழுதத் தொடங்கி அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது புடவையின் படத்துக்குக் கீழே ஆட்கள் 'புக்' போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லீலா ஒவ்வொருவருக்கும் 'ஏற்கெனவே புக் ஆயிடுச்சுங்க' என்று பதில் போடுகிறாள்.

"ஆயிடுச்சுன்னா மூடிட வேண்டியதுதானே?" என்று அவர்கள் எனக்குப் போன் செய்து சண்டை போடுகிறார்கள். நியாயம்தான். எங்கள் கடைச் சட்டமே அதுதானே.

போனை லீலாவிடம் நீட்டினேன். "மூடிடறியா?"

"இருக்கட்டுங்க" என்றாள். "அவ இன்னும் போடல இல்ல."